75 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி: கட்டும் பணம் வீணா, படிவத்தில் எதை எழுதுவது?

கெடிலக்கரையான் (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு வேதிப்பொருள் தொழிற்சாலையில் ஷிப்டு ஆபரேட்டராக வேலை பார்க்கிறேன். கையில் 34,000 ரூபாய் சம்பளம் வருகிறது. மனைவிக்கு 28 வயது, வீட்டிலிருந்தே துணி தைக்கிறார், மாதம் நான்காயிரம் வரை கிடைக்கும். மகளுக்கு மூன்று வயது. அம்மாவும் எங்களுடன்தான் இருக்கிறார். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது லட்சம் பாக்கி இருக்கிறது.

கடந்த வாரம் ஒரு முகவர் வீட்டுக்கு வந்தார். என் மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "நாளைக்கு நீங்கள் ஷிப்டுக்குப் போய்த் திரும்பி வராவிட்டால் இந்தக் குழந்தை யாரிடம் கையேந்தும்?" என்று கேட்டார். என் மனைவி அன்றிரவு தூங்கவில்லை. அவர் காட்டிய தாளில் இரண்டு திட்டங்கள் இருந்தன. 60 வயது வரை 75 லட்சம் பாதுகாப்புக்கு, அந்த வயதுக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் சாதாரண டேர்ம் பாலிசி என்றால் ஆண்டுக்கு 9,400 ரூபாய். உயிரோடு இருந்தால் கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் பாலிசி என்றால் 19,800 ரூபாய். "முதலாவதில் பணம் வீண், இரண்டாவதில் ஒரு பைசா நஷ்டமில்லை" என்றார். படிவத்தையும் அவரே நிரப்பிவிட்டார், நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உண்மையில் இது என்ன, எனக்கு எவ்வளவு தேவை என்பதை யாராவது நிதானமாகச் சொல்ல முடியுமா?

வில்லியனூர் ஓய்வூதியர் (புதுச்சேரி)

தம்பி, நான் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் இறப்புக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அந்த முகவர் எழுப்பிய பயத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். காப்பீட்டாளர்கள் பயன்படுத்தும் இந்திய இறப்பு அட்டவணையில் உங்கள் வயதில் ஓராண்டில் இறப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். 50 வயதில் அது நான்குக்கு மேல் போகிறது. ஆகவே நீங்கள் 60 வயதைத் தாண்டி நன்றாக இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். அந்த ஆயிரத்தில் ஒருவரின் குடும்பத்துக்குப் போய்ச் சேருவதற்காக மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடும் பணம்தான் பிரீமியம். துக்க வீட்டுக்கு ஊரார் சேர்ந்து பணம் போடுவதைப் போன்றது. நம் வீட்டில் துக்கம் வரவில்லையே, போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. "வீண்" என்ற சொல்லுக்கு என் பதில் இவ்வளவுதான்.

எவ்வளவு தேவை என்பதைச் சம்பளத்தைப் பத்தாலோ இருபதாலோ பெருக்கிக் கண்டுபிடிக்காமல் வீட்டுச் செலவிலிருந்து பார்ப்போம். கடன் தவணையைத் தவிர்த்து மாதச் செலவு எவ்வளவு, அதில் உங்களுக்கென்று மட்டும் ஆகும் பெட்ரோல், சாப்பாடு, செல்போன் போன்றவை எவ்வளவு, பி.எஃப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள்.

கெடிலக்கரையான்

ஐயா, தவணை நீங்கலாக 22,000 ஆகிறது. அதில் என் சொந்தச் செலவு 5,000 இருக்கும். பி.எஃப்.பில் இரண்டரை லட்சம் இருக்கிறது.

பண்ருட்டிப் பலாச்சுளை

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் 436 ரூபாய் பிடிக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானே? அப்படியானால் ஒன்பதாயிரம் எதற்குக் கட்ட வேண்டும்? வண்டிக்கும் தனியாக இன்சூரன்ஸ் இருக்கிறது.

வில்லியனூர் ஓய்வூதியர்

பலாச்சுளை அவர்களே, நீங்கள் சொல்வது பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். அதுவும் டேர்ம் காப்பீடுதான், எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம் தருகிறது, 55 வயதோடு முடிகிறது. நல்ல திட்டம், விட்டுவிடாதீர்கள். ஆனால் தம்பி வீட்டில் இரண்டு லட்சம் என்பது ஓராண்டுச் செலவுக்குக்கூடச் சரியாக வராது. வண்டிக் காப்பீடு முற்றிலும் வேறு விஷயம்.

தம்பி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். நீங்கள் இல்லாத வீட்டுக்கு மாதம் 17,000 வேண்டும், ஆண்டுக்கு 2,04,000. மனைவி தைத்துச் சம்பாதிக்கும் நான்காயிரத்தை நான் கழிக்கவில்லை. கணவனை இழந்தவர் அடுத்த மாதமே மெஷின் முன்னால் உட்காருவார் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. மகளுக்கு 25 வயதாகும் வரை 22 ஆண்டுகள். கிடைக்கும் தொகையை வங்கி வைப்பில் போட்டால் வரும் வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று வைத்துக்கொண்டு நேராகப் பெருக்குகிறேன். ஏறக்குறைய 45 லட்சம் வருகிறது. அதன் பிறகு மனைவிக்கு 60 வயதாகும் வரை பத்து ஆண்டுகளுக்குப் பாதிச் செலவு என்றால் இன்னும் பத்து லட்சம். வீட்டுக் கடன் ஒன்பது, மகளின் மேற்படிப்புக்கு இன்றைய விலையில் எட்டு. மொத்தம் 72 லட்சம். பி.எஃப். இரண்டரை லட்சத்தைக் கழித்தால் எழுபதுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே முகவர் சொன்ன 75 லட்சம் என்ற எண் தவறில்லை. அவர் அதைச் சொன்ன விதம்தான் தவறு.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு காப்பீடு இருப்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் அதனுடன் சேர்ந்த இ.டி.எல்.ஐ. திட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு தொகை வருகிறது. உச்சவரம்பு ஏழு லட்சம். பி.எஃப். பிடிக்கும் சம்பளம் 15,000 அல்லது அதற்கு மேல் என்றால் உங்கள் இருப்புக்கு அது ஆறரை லட்சத்தை ஒட்டி இருக்கும். நான் அதைக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம், வேலையை விட்டால் அதுவும் போய்விடும். இப்போதைக்கு அதை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். இணையதளத்தில் உங்கள் நாமினியாக மனைவி பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் முகவர்

நானும் ஆயுள் காப்பீட்டு முகவர்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசியதை நானும் ஏற்கவில்லை. ஆனால் பணம் திரும்பும் பாலிசியை எல்லோரும் திட்டுவது நியாயமில்லை. சாதாரண டேர்ம் எடுத்த என் வாடிக்கையாளர்களில் பலர், நான்காவது ஐந்தாவது ஆண்டில் "ஒன்றும் வரப்போவதில்லையே" என்று நிறுத்திவிடுகிறார்கள். பணம் திரும்பும் என்ற எண்ணம் இருப்பவர்கள் தொடர்ந்து கட்டுகிறார்கள். பிரீமியம் அதிகமாக இருந்தால் எங்களுக்குக் கமிஷனும் அதிகம் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் நின்றுபோன மலிவான பாலிசியைவிட, நிற்காமல் ஓடும் விலை கூடிய பாலிசி அந்தக் குடும்பத்துக்கு நல்லதில்லையா?

இன்னொன்று, தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. அந்தத் தாளில் வரி சேர்த்திருந்தால் பழைய தாள் என்று பொருள், புதிய கணக்கைக் கேளுங்கள்.

வில்லியனூர் ஓய்வூதியர்

முகவர் நண்பர் வெளிப்படையாகப் பேசியதற்கு நன்றி. அவர் சொல்லும் மனித இயல்பை நான் மறுக்கவில்லை, எண்களை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டு பாலிசிகளுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 10,400 ரூபாய். 29 ஆண்டுகள் 19,800 கட்டினால் 60 வயதில் திரும்பி வருவது 5,74,200. அதாவது அந்தக் கூடுதல் 10,400 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 4 விழுக்காடு வட்டி. அதே பணத்தை 6 விழுக்காடு தரும் ஓரிடத்தில் ஆண்டுதோறும் போட்டு வந்தால் எட்டு லட்சத்துக்கு மேல் சேரும்.

இதைவிட முக்கியமான ஒன்றை அந்தத் தாள் சொல்லாது. இருபதாவது ஆண்டில் நீங்கள் இறந்தால் இரண்டு பாலிசியிலும் வீட்டுக்கு வருவது அதே 75 லட்சம்தான். கூடுதலாகக் கட்டிய இரண்டு லட்சத்துச் சொச்சம் தனியாக வராது. நீங்கள் வேறிடத்தில் போட்டு வைத்திருந்தால் 75 லட்சத்தோடு அந்தச் சேமிப்பும் வீட்டில் இருக்கும். "ஒரு பைசா நஷ்டமில்லை" என்ற வாக்கியம் உயிரோடு இருப்பவருக்கே முழுதாகப் பொருந்தாது, இறப்பவரின் குடும்பத்துக்கு அறவே பொருந்தாது.

மஞ்சக்குப்பம் முகவர்

கணக்கு சரிதான் ஐயா. ஆனால் அந்த 10,400 ரூபாயை 29 ஆண்டுகள் ஒருவர் உண்மையிலேயே வேறிடத்தில் போடுவார் என்பதுதான் நான் நம்பாத இடம். தீபாவளிக்கும் காதுகுத்துக்கும் அது கரைந்துவிடும்.

வில்லியனூர் ஓய்வூதியர்

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தம்பியைத் தம்பிதான் அறிவார்.

கெடிலக்கரையான்

ஐயா, இன்னொரு சந்தேகம். முகவர் நிரப்பிய படிவத்தை இன்று வாசித்தேன். தொழில் என்ற இடத்தில் "அலுவலகப் பணி" என்று எழுதியிருக்கிறார். நோய்கள் பற்றிய எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று இருக்கிறது. எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரத்த அழுத்தம் அதிகமாக இருந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், பிறகு மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். தொலைபேசியில் கேட்டபோது, "அதையெல்லாம் எழுதினால் வீணாகப் பிரீமியம் ஏறும், இப்போது சரியாகத்தானே இருக்கிறது?" என்கிறார்.

திருப்பாதிரிப்புலியூர் தேரடி

எழுதத் தேவையே இல்லை நண்பரே. மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் பாலிசியை மறுக்க முடியாது என்று சட்டமே இருக்கிறது. என் நண்பர் நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவர், "புகைப்பழக்கம் இல்லை" என்றுதான் எழுதினார். இப்போது நான்காவது ஆண்டு ஓடுகிறது. முதல் மூன்று ஆண்டுகளை ஓட்டிவிட்டால் போதும்.

வில்லியனூர் ஓய்வூதியர்

தேரடி அவர்களே, சட்டம் நீங்கள் சொல்வதுதான். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 45ஆம் பிரிவு, 2015இல் திருத்தப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் மோசடி என்றுகூடக் கேள்வி எழுப்ப முடியாது. ஆனால் நீங்கள் பாதியைத்தான் சொன்னீர்கள்.

அந்த மூன்று ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால், படிவத்தில் சொன்னது உண்மையா என்று நிறுவனம் தோண்டிப் பார்க்கும். அந்த வேலையைத்தான் நானும் செய்தேன். மருத்துவமனைப் பதிவேடு, மருந்துக் கடைச் சீட்டு, வேலை பார்த்த இடத்தின் விடுப்பு விண்ணப்பம் என்று எல்லாவற்றிலும் தடயம் கிடைக்கும். வேண்டுமென்றே மறைத்தது என்று நிறுவிவிட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. மோசடி இல்லை, ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டது என்றால் கட்டிய பிரீமியத்தை மட்டும் திருப்பிக் கொடுத்து முடித்துவிடலாம். உங்கள் நண்பர் தப்பித்திருக்கலாம். ஆனால் பெரிய தொகைகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையிலேயே புகையிலை தெரிந்துவிடும் என்பதால் பலர் முதல் படியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

மேலும் அந்த மூன்று ஆண்டுகள் ஒருமுறை ஓடி முடிந்துவிடுவதில்லை. நான் கையாண்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன். பாலிசி எடுத்து ஆறு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியவர் அவர். வங்கிக் கணக்கை மாற்றியபோது, தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டைப் புதுக் கணக்குக்கு மாற்ற மறந்துவிட்டார். சலுகை நாட்கள் கடந்து பாலிசி செயலிழந்தது. ஐந்து மாதம் கழித்துக் கவனித்து, பாக்கியைக் கட்டிப் புதுப்பித்தார். புதுப்பிக்கும்போது உடல்நலம் பற்றி மறுபடி ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். இடையில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார், அதை எழுதவில்லை. பதினான்கு மாதத்தில் மாரடைப்பு. ஆறு ஆண்டுகள் கட்டியவர்தானே என்று அவர் மனைவி கேட்டார். சட்டத்தின் கடிகாரம் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அந்தக் கோப்பை மூடியது நான்தான், அந்தக் கையெழுத்து எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தம்பி, நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் படிவம் முகவருடையது அல்ல, உங்களுடையது. ரிஆக்டர் பக்கத்தில் நிற்பவர் "அலுவலகப் பணி" என்று சொன்னதாக ஆகும். ரத்த அழுத்தத்தை எழுதினால் நடக்கக்கூடியவை மூன்று: அப்படியே ஏற்பார்கள், கொஞ்சம் பிரீமியம் கூட்டுவார்கள், அல்லது சில மாதம் கழித்து வரச் சொல்வார்கள். மூன்றுமே நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்களுக்குத் தெரியவரும். மறைத்தால் வரும் விளைவு நீங்கள் இல்லாதபோது உங்கள் மனைவிக்குத் தெரியவரும்.

திருப்பாதிரிப்புலியூர் தேரடி

புதுப்பித்தால் மறுபடி தொடங்கும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் முகவரே தவறாக எழுதினால் அவர்மேல் ஒன்றும் இல்லையா? இது எந்த ஊர் நியாயம்?

வில்லியனூர் ஓய்வூதியர்

அவர்மேல் புகார் கொடுக்கலாம். முகவர்தான் அப்படி எழுதினார் என்று நிரூபிப்பது இறந்தவரின் குடும்பத்துக்கு எளிதல்ல. நியாயம் என்று நானும் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டை அக்கா (புதுச்சேரி)

என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன், இங்கே பொருந்துமா என்று தெரியவில்லை. என் தம்பி திருமணத்துக்கு முன் ஒரு பாலிசி எடுத்தான், நாமினியாக எங்கள் அம்மா பெயரைக் கொடுத்தான். திருமணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்தும் அதை மாற்றவில்லை. அவன் போன பிறகு பணம் முழுவதும் அம்மா கணக்குக்கு வந்தது. அம்மா நல்லவர்தான், ஆனால் தம்பி மனைவிக்கும் அவருக்கும் ஏற்கெனவே மனக்கசப்பு. இன்றுவரை பாதிதான் கைமாறியிருக்கிறது. நான் இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

வில்லியனூர் ஓய்வூதியர்

பொருந்தும் அம்மா, நிறையவே பொருந்தும். 2015 திருத்தத்துக்குப் பின் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று சட்டம் சொல்கிறது. மற்ற வாரிசுகளுக்குப் பங்கு உண்டா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. உங்கள் தம்பி மனைவி ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

கெடிலக்கரைத் தம்பி விரும்பினால், மனைவி, மகள் பெயரில் 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி பாலிசி எடுக்கலாம். அப்படி எடுத்தால் கடன்காரர்களும் மற்ற உறவினர்களும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. ஆனால் பயனாளிகளைப் பின்னர் உங்கள் விருப்பப்படி மாற்றவும் முடியாது. அம்மாவுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்று நினைத்தால் அதற்கு இது வழியில்லை, சாதாரண நாமினேஷனில் மனைவிக்கும் அம்மாவுக்கும் விழுக்காடு பிரித்து எழுதலாம்.

கெடிலக்கரையான் (பத்தொன்பது நாட்கள் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழைய படிவத்தைக் கிழித்துவிட்டு, அதே நிறுவனத்தில் புதிய படிவத்தை நானே நிரப்பினேன். தொழிலை உள்ளபடி எழுதினேன். ரத்த அழுத்த மாத்திரையின் பெயர், சாப்பிட்ட மாதங்கள் எல்லாவற்றையும் எழுதி, பழைய மருந்துச் சீட்டையும் இணைத்தேன். ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எடுத்தார்கள். ஆண்டுக்கு 1,150 ரூபாய் கூட்டி, 10,550 என்று கடிதம் வந்தது. சாதாரண டேர்ம்தான் எடுத்தேன். மீதிப் பணத்துக்கு அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கு தொடங்கியிருக்கிறேன். முகவர் அண்ணன் சொன்னது நடக்குமா, நடக்காதா என்று தெரியவில்லை. நாமினி பிரித்து எழுதியதில் வீட்டில் சின்ன சலசலப்பு, மனைவிக்கு எண்பது, அம்மாவுக்கு இருபது என்று முடிந்தது.

வில்லியனூர் ஓய்வூதியர்

நல்லது. பாலிசி ஆவணம் கையில் வந்ததும் அதனுடன் இருக்கும் படிவத்தின் நகலை வரி வரியாக வாசியுங்கள். நீங்கள் எழுதியது கணினியில் ஏறும்போது சில சமயம் "ஆம்" என்பது "இல்லை" ஆகிவிடும். தவறு இருந்தால் மின்னஞ்சலில் திருத்தக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். சிறு பிடித்தம் இருக்கும். பாலிசி எண்ணும் முகவரின் தொலைபேசி எண்ணும் மனைவிக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும், வங்கிக் கணக்கை மாற்றினால் பிரீமியம் பிடிக்கும் ஏற்பாட்டையும் அன்றே மாற்றுங்கள்.

மஞ்சக்குப்பம் முகவர்

60 வயது வரை மட்டும்தான் எடுத்தீர்களா? 65 அல்லது 70 வரை எடுத்திருக்கலாமே?

வில்லியனூர் ஓய்வூதியர்

60இல் மகளுக்கு 32 வயது, கடனும் முடிந்திருக்கும். அவர் சம்பளத்தை நம்பி அப்போது யார் இருக்கப் போகிறார்கள்?

மஞ்சக்குப்பம் முகவர்

மனைவி இருப்பார் ஐயா. 57 வயதில் தையல் மெஷினோடு.

கெடிலக்கரையான்

இதை நான் யோசிக்கவில்லை. ஆவணம் நேற்றுத்தான் வந்தது, முப்பது நாட்களில் இன்னும் இருபத்தொன்பது இருக்கிறது. 65 வரை என்றால் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு வருகிறேன்.